போட்டியாளர் பதிவுகளை எண்ண: கைக்கணக்கா, ஸ்கிரேப்பரா?

இன்ஸ்டாகிராமில் வாரம் எத்தனை பதிவு போடலாம் என்று முடிவெடுக்க, நம் அளவிலான ஐந்து கேக் கடைகளின் பொதுப் பக்கங்களை நான்கு வாரம் கவனித்தால் போதும்.

நேரம்: கையால் எண்ண வாரம் அரை மணி, பக்கங்களிலிருந்து தானாகத் தரவு எடுக்கும் நிரலான ஸ்கிரேப்பருக்குச் சில நிமிடம்.

விதி: திறந்த பக்கத்தைப் பார்த்து எண்ணுவதில் தவறில்லை. அனுமதியின்றித் தானியங்கியாகத் தரவு எடுப்பதை இன்ஸ்டாகிராம் விதிகள் தடுக்கின்றன; கணக்கே முடங்கலாம்.

துல்லியம்: ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைவதால் பதிவு, ரீல்ஸ் மட்டும் எண்ணுங்கள். தீபாவளி ஆஃபரால் எண்ணிக்கை எகிறிய வாரம் கையால் எண்ணும்போதுதான் கண்ணில் படும்; அதை ஒதுக்கிவிடலாம்.

கடைவாரியாக வாரத்துக்கு 3, 4, 4, 5, 14 வந்தால் சராசரி 6. அந்த 14தான் மேலே இழுக்கிறது. நடுமதிப்பான 4ஐ எடுங்கள்.

ஐந்து கடைக்குக் கைக்கணக்கே சரி. ஐம்பது பக்கம் என்றாலும் ஸ்கிரேப்பர் வேண்டாம். மெட்டா அனுமதித்த கருவி போதும்.