சார்ட் ஸ்கிரீன்ஷாட்டை வரிவரியாக எழுதுவது: கையால், மென்பொருளில், ஷீட்டில்

நிட்டிங் சார்ட்டைப் பார்த்தபடியே பின்னுகிறவர்களுக்கு இது தேவைப்படாது. கட்டங்களில் கண் வழுக்குகிறவர்கள், போனில் பெரிதாக்கி நகர்த்தும்போதெல்லாம் எந்த வரிசையில் இருந்தோம் என்று தேடுகிறவர்கள், எழுத்தைச் சத்தமாகப் படித்துக் கேட்டுப் பின்ன விரும்புகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் "வரிசை 1: k3, k2tog, yo…" என்ற வடிவம்தான் சரிப்படும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: நோட்டில் கையால் எழுதுவது, சார்ட் வரையும் மென்பொருளில் மறுபடி வரைந்து எழுத்தாக எடுத்துக்கொள்வது, சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்டில் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்வது. லேஸ் சால்வைகளுக்கு நான் ஷீட்டைத்தான் பிடித்துக்கொண்டேன், அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எந்த வழியானாலும் முதலில் ஸ்கிரீன்ஷாட் ஒழுங்காக இருக்க வேண்டும். மூலக் கோப்பை நன்றாகப் பெரிதாக்கிவிட்டு எடுங்கள். குறியீட்டு விளக்கப் பெட்டி, வரிசை எண்கள், ஓரத்தில் இருக்கும் குறிப்பு இவற்றை வெட்டிவிடாதீர்கள். எண்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது முக்கியம். 1 வலப்பக்கமும் 2 இடப்பக்கமும் இருந்தால் திருப்பித் திருப்பிப் பின்னுவது, எல்லா எண்ணும் வலப்பக்கமே இருந்தால் பெரும்பாலும் வட்டமாகப் பின்னுவது. 1, 3, 5 மட்டும் இருந்தால் இரட்டை வரிசைகளை என்ன செய்வது என்று குறிப்பில் இருக்கும். லேஸில் அது அநேகமாக முழுக்க பர்ல்தான், ஆனாலும் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கையால் எழுதுவது பத்துப் பன்னிரண்டு வரிசைகள் உள்ள சின்ன சார்ட்டுக்குப் போதும், அதற்குப் போய் ஷீட் திறப்பது வீண் வேலை. மென்பொருள்களில் ஸ்டிட்ச்மாஸ்டரி மாதிரியானவை, நாம் வரைந்த சார்ட்டிலிருந்து எழுத்து வடிவத்தைத் தாமே தருகின்றன. முன்பக்கம் நிட் என்று தெரியும் கட்டம் பின்பக்க வரிசையில் பர்ல் ஆகும் என்பதும் அவற்றுக்குத் தெரியும். சொந்தமாக டிசைன் செய்து விற்கிறவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் நம் கையில் இருப்பது ஒரு படம், அதைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்தையும் அங்கேயும் நாமேதான் நிரப்ப வேண்டும். அதே உழைப்புதான், கூடவே புதிதாக ஒரு மென்பொருளைப் பழக வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேகமோ விலையோ இல்லை, தப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பின்னுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான். மங்கலான படத்தில் ஒரு யார்ன் ஓவர் வட்டம் கண்ணில் படாமல் போனால், நோட்டில் அது தெரியவே தெரியாது. ஊசியில் வரிசை முடியும்போது ஒரு ஸ்டிட்ச் குறைந்து நிற்கும், தப்பு எழுத்திலா கையிலா என்று அப்புறம் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

ஷீட்டில் செய்வது இப்படி. 11 ஸ்டிட்ச் அகலமுள்ள லேஸ், ஒற்றைப்படை வரிசைகள் மட்டும் காட்டும் சார்ட் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் இருக்கிற மாதிரியே, வரிசை 1 அடியில் வரும்படி B முதல் L வரை நிரப்புங்கள். வெற்றுக் கட்டத்துக்கு k, வட்டத்துக்கு yo, வலப்பக்கம் சாய்ந்த கோட்டுக்கு k2tog, இடப்பக்கம் சாய்ந்ததற்கு ssk, மூன்றை ஒன்றாக்குவதற்கு cdd. இது பொதுவான வழக்கம்தான், உங்கள் சார்ட்டின் விளக்கப் பெட்டி வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஜப்பானிய சார்ட் என்றால் நின்ற கோடு நிட், படுத்த கோடு பர்ல். 'இங்கே ஸ்டிட்ச் இல்லை' என்று நிழலடித்த கட்டங்களைக் காலியாகவே விடுங்கள்.

இப்போது M-இல் அந்த வரிசை முடிந்ததும் ஊசியில் எத்தனை இருக்கும், N-இல் அந்த வரிசை முந்தியதிலிருந்து எத்தனையை எடுத்துக்கொள்கிறது, O-வில் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்:

```
M5: =COUNTA(B5:L5)
N5: =COUNTA(B5:L5)-COUNTIF(B5:L5,"yo")+COUNTIF(B5:L5,"k2tog")+COUNTIF(B5:L5,"ssk")+2*COUNTIF(B5:L5,"cdd")
O5: =N5=M6
```

யார்ன் ஓவர் எதையும் எடுத்துக்கொள்ளாமல் ஒன்றைத் தருகிறது, k2tog இரண்டை எடுத்து ஒன்றைத் தருகிறது, கணக்கு அவ்வளவுதான். இங்கே சார்ட்டின் வரிசை 1 ஷீட்டின் 6-ஆம் வரியிலும், வரிசை 3 ஷீட்டின் 5-ஆம் வரியிலும் இருக்கின்றன, அதனால் M சூத்திரத்தை 6-ஆம் வரியிலும் போட்டுவிடுங்கள். நடுவில் வரும் பர்ல் வரிசை எண்ணிக்கையை மாற்றாததால் அதை விட்டுவிடலாம். வரிசை 3 பின்னும் வரிசைப்படி k2, k2tog, yo, k3, yo, ssk, k2. எடுப்பது 11, தருவது 11. இதில் ஒரு yo-வை மங்கலில் k என்று தட்டிவிட்டால் N5 12 ஆகும், M6 11-ஆகவே இருக்கும், O5 FALSE காட்டும். எந்த வரிசை என்று தெரிந்துவிட்டது, படத்தில் அந்த ஒரு வரியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். மூன்று வழிகளிலும் ஷீட்டை நான் கட்டிக்கொண்டு அழுவதற்கு இந்த FALSE ஒன்றே காரணம்.

எழுத்தாக்க, முன்பக்க வரிசை வலமிருந்து இடம் படிக்கப்படுவதால் திருப்பிப் போட வேண்டும். கூகுள் ஷீட்ஸில்:

```
=TEXTJOIN(", ",TRUE,SORT(TRANSPOSE(B5:L5),SEQUENCE(11),FALSE))
```

"k, k, k" என்று நீட்டி வருவதை k3 ஆக்குவது கைவேலை. பின்பக்க வரிசைகளும் சார்ட்டில் இருந்தால், தட்டும்போதே வெற்றுக் கட்டத்தை p என்றும் பர்ல் குறியை k என்றும் மாற்றிவிடுங்கள். அவை இடமிருந்து வலம் போவதால் SORT பகுதி வேண்டாம், TEXTJOIN மட்டும் போதும். அங்கே p2tog, p3tog மாதிரி குறைப்புகள் வந்தால் N-இல் அவற்றையும் சேர்க்க மறக்காதீர்கள்.

இந்தச் சோதனைக்குப் பிடிபடாதவையும் உண்டு. k2tog-க்குப் பதில் ssk போட்டால் எண்ணிக்கை மாறாது. மொத்த வரிசையையும் தலைகீழாகப் படித்தாலும் மாறாது, குறைப்புகள் மட்டும் தப்பான பக்கம் சாயும். வரிசை 1 படத்தில் இடமிருந்து \ O வெற்று O / என்று தெரிந்தால், எழுத்து "k3, k2tog, yo, k1, yo, ssk, k3" என்றுதான் வர வேண்டும். "k3, ssk" என்று தொடங்கினால் திசை பிசகிவிட்டது. அதனால் முதல் முன்பக்க வரிசையைப் படத்தின் வலது ஓரத்தோடு விரல் வைத்து ஒப்பிட்டுவிடுவேன்.

நிறச் சார்ட் வேறு கதை. எல்லாக் கட்டமும் ஒரு ஸ்டிட்ச் என்பதால் என் கணக்கு அங்கே எதையும் காட்டிக்கொடுக்காது. படத்தை இறக்கி நிறங்களைக் கட்டமாக்கும் கருவிகள் அங்கே முந்திக்கொள்ளும். கட்ட எண்ணிக்கையைச் சரியாகக் கொடுத்து, நிறங்களையும் உண்மையில் எத்தனையோ அத்தனையாகக் குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஸ்கிரீன்ஷாட்டின் மங்கலால் இரண்டு நிறம் ஏழெட்டு சாயலாகப் பிரிந்து நிற்கும்.

குரோஷேயில் என் அனுபவம் குறைவு. ஃபிலே மாதிரி கட்டச் சார்ட்டுக்கு ஷீட் ஒத்துவருகிறது. வட்ட டாய்லி சார்ட்டைக் கட்டத்தில் அடைக்க முடியாது, அங்கே நோட்டுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு நிறத்தில் படத்தின்மேல் கோடு போட்டு, ஒரு துண்டை மட்டும் எழுதி, அது எத்தனை முறை திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்வேன். குறியீட்டின் அடி செயினின் மேல் இருக்கிறதா, செயின் இடைவெளிக்குள் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்புறம், ஒரு குறுக்குக் கோடு போட்ட T அமெரிக்க வழக்கில் டபுள் குரோஷே, பிரிட்டிஷ் வழக்கில் ட்ரெபிள். படத்தில் இருக்கும்வரை அது ஒரே குறிதான், எழுத ஆரம்பித்தால் எந்த வழக்கு என்று நோட்டின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.