பிள்ளைப்பேற்றுத் திகதி: மாதவிடாய்க் கணக்கா, முதல் ஸ்கானா?

கிளினிக் அட்டையில் ஒரு திகதி, ஸ்கான் துண்டில் இன்னொரு திகதி. முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற என் மச்சாளுக்கு இந்தச் சிக்கல் வந்தபோது நாங்கள் முதல் ஸ்கானின் திகதியையே பிடித்துக்கொண்டோம். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மாதவிடாய்க் கணக்கு இலேசானது. கடைசியாக இரத்தம் பட்ட முதல் நாளை எடுத்து, ஏழு நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னுக்குப் போய், அடுத்த வருடத்தில் வைத்தால் பேற்றுத் திகதி. மொத்தம் 280 நாள். நின்ற நாளை அல்ல, தொடங்கிய நாளைத்தான் எடுக்கவேண்டும். கரு உண்மையில் தங்குவது அதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமை பிந்தித்தான். இது தெரியாததால் சில வீடுகளில் தேவையில்லாத கதை எழும்பும். வெளிநாட்டிலிருந்து புருஷன் வந்து எட்டுக் கிழமைதானே, அட்டையில் எப்படிப் பத்துக் கிழமை என்று கேட்பார்கள். கணக்கு அப்படித்தான், அந்தப் பிள்ளையில் ஒரு குழப்பமும் இல்லை.

இந்தக் கணக்குக்குக் காசு வேண்டாம். கிளினிக்கில் பதியவும், முதல் ஸ்கான் எப்போது எடுப்பதென்று தீர்மானிக்கவும் இதுதான் உதவும். ஆனால் அது 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும், 14ஆம் நாள் முட்டை வெளிவரும் என்று வைத்துப் போட்ட கணக்கு. மூன்று மாத ஊசியை விட்ட கையோடு தங்கினாலோ, பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாய் ஒழுங்காகத் திரும்புமுன் தங்கினாலோ, கரு ஒட்டும்போது சிலருக்குப் படும் சிறு இரத்தத்தை மாதவிடாய் என்று எண்ணினாலோ கணக்குப் பிழைக்கும்.

மச்சாளுக்கு நாள் மறக்கவில்லை. 2025 தைப்பொங்கலுக்கு நாலு நாள் முன்னம், ஜனவரி 10. பொங்கலன்று கோயிலுக்குப் போகமுடியாமல் இருந்ததால் நன்றாக ஞாபகம். அந்தக் கணக்கில் பேறு ஒக்டோபர் 17. ஆனால் அவவுக்கு மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும். அதை யாரும் கேட்கவுமில்லை, அவ சொல்லவுமில்லை.

மார்ச் 24 அன்று ஸ்கான் எடுத்தபோது மாதவிடாய்க் கணக்கில் 10 வாரம் 3 நாள். பிள்ளையின் உச்சியிலிருந்து பிட்டம் வரையான நீளமோ 25 மில்லிமீற்றர். அது 9 வாரம் 2 நாளுக்குரிய நீளம். வித்தியாசம் 8 நாள். 9 வாரம் நிறைந்ததிலிருந்து 14 வாரம் நிறையும் வரை வித்தியாசம் 7 நாளைத் தாண்டினால் ஸ்கான் திகதியை எடுப்பது வழக்கம். 9 வாரத்துக்கு முன்னரென்றால் 5 நாளைத் தாண்டினாலே போதும். அப்படிப் பேற்றுத் திகதி ஒக்டோபர் 25க்குப் போனது. 35 நாள் சுற்றுக்காக ஏழு நாளைக் கூட்டிப் பார்த்தாலும் ஒக்டோபர் 24 வருகிறது. இரண்டும் ஒத்துப்போனபிறகு எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

எட்டு நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்று மாமி கேட்டா. பழைய திகதியில் விட்டிருந்தால் ஒக்டோபர் 24 அன்று 41 வாரம் என்றிருக்கும், நாள் கடந்துவிட்டதென்று மருந்து வைத்து வலி வரப்பண்ணும் பேச்சும் வந்திருக்கும். உண்மையில் அன்று பிள்ளைக்கு 40 வாரம்கூட நிறைந்திருக்காது.

இதில் எல்லாவற்றையும் விட முக்கியம், ஸ்கான் எப்போது எடுத்தது என்பதுதான். முதல் மூன்று மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் நீளத்தைப் பார்த்தே வயதைச் சொல்லலாம். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் போக்கில் வளரும். எட்டாம் மாதம் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தனியாரிடம் எடுக்கும் ஸ்கானிலும் ஒரு பேற்றுத் திகதி அச்சாகி வரும். தலை, வயிறு, தொடையெலும்பு ஆகியவற்றை அளந்து, சராசரிப் பிள்ளை எத்தனை வாரத்தில் இந்த அளவு இருக்கும் என்று பார்த்துத்தான் இயந்திரம் அதைப் போடுகிறது. 32 வாரப் பிள்ளை 29 வார அளவில் இருந்தால் பேறு மூன்று கிழமை பிந்தும் என்று அந்தத் துண்டு காட்டும். இன்னும் நாள் கிடக்கென்று வீட்டில் ஆறுதலாக இருப்பார்கள். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் பிள்ளை வளராமலிருப்பதை அந்தப் புதுத் திகதி மூடிவிடும். முதல் ஸ்கானில் வைத்த திகதியை அசைக்காமல் வைத்திருந்தால்தான், பிள்ளை பின்தங்கியிருப்பது டொக்டரின் கண்ணில் படும். அதனால் முதல் துண்டை அட்டையோடு சேர்த்துக் குத்திவைத்து, ஒவ்வொரு முறையும் அதையே காட்டுங்கள்.

முதல் ஸ்கான் தவறிப்போனவர்களுக்கும் வழி உண்டு. ஐந்தாம் மாத ஸ்கானைத் தவறவிடாதீர்கள். அங்கே 10 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் திகதியை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் மாதவிடாய்த் திகதியே நிற்கும். நான் கிட்ட நின்று பார்த்தது ஒரு பேறுதான். மாதவிடாய் நாளே நினைவில்லாதவர்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதை முதல் நாளே மறைக்காமல் சொல்லி, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.