அஃபிடவிட் போதுமா, சான்றிதழையே திருத்த வேண்டுமா?

ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் 12.05.1998 என்று இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் மட்டும் 12.06.1998. போதாததற்கு, பள்ளி டி.சி.யில் அப்பா பெயர் முருகேசன்; கல்லூரி ஆவணங்களில் முருகேஷ். வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகும்போது இது கண்ணில் படுகிறது. உடனே யாராவது "நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் போட்டுக்கொள்" என்பார்கள். இந்தப் பெண்ணுக்கு அது பாதி சரி, பாதி தவறு.

அப்பா பெயருக்கு அஃபிடவிட் நன்றாகவே வேலை செய்யும். முருகேசனும் முருகேஷும் ஒரே ஆள்தான், எழுத்துதான் வேறு. "இரண்டு பெயர்களும் குறிப்பது ஒருவரையே" என்று சத்தியம் செய்து சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அதை மகள் மட்டும் எழுதிக்கொடுத்தால் வலு குறைவு. பெயர் அப்பாவுடையது என்பதால், அவர் இருந்தால் அவரே தனியாக ஒன்று எழுதி, தன் அடையாள ஆவண நகலையும் சேர்ப்பது நல்லது. எந்தச் சான்றிதழ், என்ன பதிவெண், எந்த மாதம், வருடம், அதில் பெயர் அச்சாகியிருக்கும் வடிவம் என்ன, இரண்டில் எது சரியானது என்று அப்படியே எழுத வேண்டும். "சில ஆவணங்களில் வேறுபாடு உள்ளது" என்று பொதுவாக எழுதினால், சரிபார்ப்பவர் கையில் இருக்கும் தாளோடு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது. நோட்டரியின் முத்திரையும் அவருடைய பதிவேட்டு எண்ணும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

பிறந்த தேதியில் இந்த வழி தடுமாறும். ஒருவருக்கு இரண்டு பெயர் வடிவங்கள் இருக்கலாம், இரண்டு பிறந்த தேதிகள் இருக்க முடியாது. "மே மாதம்தான் சரி" என்று எத்தனை முறை சத்தியம் செய்தாலும் தேர்வுத் துறையின் பதிவேட்டில் ஜூன்தான் இருக்கும். வேலை தரும் நிறுவனம் சான்றிதழை நேரடியாகத் தேர்வுத் துறையில் சரிபார்த்தால் ஜூன் என்றே பதில் வரும். அஃபிடவிட் விளக்கம் தருமே தவிர, பதிவை மாற்றாது.

கெஸட் அறிவிப்பும் இதற்கு உதவாது. அது பெயரை மாற்றிக்கொண்டதாக அறிவிக்கும் வழி. அறிவித்த நாளிலிருந்து புதுப் பெயர் என்றுதான் பொருள். பிறந்த தேதியைத் திருத்தும் வழி அதில் இல்லை.

ஆகவே தேதிக்குத் திருத்த மனுதான். அதற்கு முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும்: பிழை எங்கே பிறந்தது? இந்தப் பெண்ணுக்குப் பள்ளிப் பதிவேடு சரி, தேர்வுக்கு அனுப்பிய பெயர்ப் பட்டியலில்தான் மாதம் மாறியிருக்கிறது. இது எழுத்தர் பிழை. சேர்க்கைப் பதிவேட்டின் சான்றொப்பமிட்ட நகல், பிறப்புச் சான்றிதழ், அசல் மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றுடன் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு மனு போக வேண்டும். இங்கே அஃபிடவிட் துணை ஆவணம்தான், பதிவேட்டு நகல்தான் உயிர். சி.பி.எஸ்.இ. தொடர்பான ஜிக்யா யாதவ் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைத்தான் காட்டியது: பள்ளிப் பதிவேட்டோடு ஒத்துப்போகும்படி கேட்பது திருத்தம், பதிவேட்டிலேயே இல்லாததைக் கேட்பது மாற்றம்.

அந்தப் பதிவேட்டிலேயே ஜூன் என்று இருந்திருந்தால் கதை வேறு. ஐந்து வயதில் சேர்க்கும்போது வீட்டில் சொன்ன தேதியைப் பள்ளி எழுதியிருக்கும். பள்ளி தானாக அதை அழித்து எழுத முன்வராது. அப்போது பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குத்தான், அதாவது சரியான தேதி இதுதான் என்று நீதிமன்றமே அறிவிக்கக் கேட்கும் வழக்கு. அரசுத் துறையை எதிர்வாதியாகச் சேர்ப்பதால் பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வழக்குப் போடும் உரிமை முதலில் எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டு வரம்பும் உண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த உடனே பதிவான பிறப்புச் சான்றிதழ் இருந்தால் கை ஓங்கும். பல வருடம் கழித்துத் தாமதமாகப் பதிந்தது என்றால் அதன் மேல் கேள்விகள் வரும்.

வரிசையையும் மாற்றிவிட வேண்டாம். பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தே எழுதுகின்றன. அதனால் பத்தாம் வகுப்பு, அப்புறம் பன்னிரண்டு, கடைசியாகப் பட்டம். பட்டத்தில் முதலில் கைவைத்தால், "பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுதானே இது?" என்று மனு திரும்பி வரும். இந்தப் பெண் பத்தாம் வகுப்புக்கான மனுவை அனுப்பிவிட்டு, அது நடக்கும் காலத்தில் அப்பா பெயருக்கான அஃபிடவிட்டை வைத்தே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தேதிக்கு மனு கொடுத்ததற்கான ஒப்புகை நகலையும் உடன் வைத்துக்கொண்டால், கேட்பவருக்குக் காட்ட ஒரு பிடிமானம் இருக்கும்.