வெடிப்புப் புகை: இரண்டு எமிட்டர்களா, ஒரே ஃப்ளிப்புக்கா?

விளையாட்டில் வரும் வெடிப்பை, அசைவின் பிரேம்களை ஒரே படத்தில் அடுக்கிய ஃப்ளிப்புக்கில் அமைக்க இரண்டு வழிகள் உண்டு. நெருப்பை, பின்னணியுடன் ஒளியைக் கூட்டும் துகள்களை உமிழும் அடிட்டிவ் எமிட்டரிலும் புகையைச் சாதாரண ஆல்பா எமிட்டரிலும் பிரித்து வைப்பது முதல் வழி. இரண்டையும், நிறத்தை முன்பே ஆல்பாவால் பெருக்கி வைக்கும் ப்ரீமல்டிப்ளைடு ஆல்பாவாக ஒரே டெக்ஸ்சரில் சேர்ப்பது இரண்டாவது வழி. இரண்டையும் செய்து பார்த்தபின் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன்.

பிரித்து வைத்தால் நெருப்பின் ஒளியையும் புகையின் நிறத்தையும் தனித்தனியே மாற்றலாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் துகள்கள் தம் எமிட்டருக்குள்தான் தொலைவுப்படி வரிசைப்படுகின்றன. இரு எமிட்டர்களுக்கு இடையே ஒன்று முழுவதும் வரையப்பட்ட பிறகே மற்றது வரையப்படுகிறது. அதனால் நெருப்பு முழுவதும் புகைக்கு முன்னே மிதக்கும், அல்லது முழுவதும் அதற்குப் பின்னே மறையும். புகைச்சுருளுக்குள் தீ புதைந்து எரிவதாக ஒருபோதும் தோன்றாது. ப்ரீமல்டிப்ளைடு முறையில் யூனிட்டி ஷேடரின் கலப்பு விதி இவ்வளவுதான்:

```
Blend One OneMinusSrcAlpha
```

ஆல்பா 0 ஆக உள்ள பிக்சல் பின்னணியுடன் ஒளியைக் கூட்டுகிறது, ஆல்பா 1 ஆக உள்ளது மறைக்கிறது. ஆகவே தீயும் புகையும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது, ஒரு பிரேமை அடுத்ததாக மெல்ல மாற்றும் பிரேம் கலப்பு. புகையோரத்து பிக்சல் ஒன்றில் நிறம் 0.8, ஆல்பா 0.5 என்றும், அடுத்த பிரேமில் புகை விலகி இரண்டும் 0 என்றும் கொள்வோம். சாதாரண ஆல்பாவில் பாதிவழியில் நிறம் 0.4, ஆல்பா 0.25 ஆகின்றன, இவற்றைப் பெருக்கினால் திரையில் சேர்வது 0.1 மட்டுமே, சேர வேண்டியதோ 0.8 × 0.5 = 0.4-இல் பாதியான 0.2. ஓரங்களில் கறுப்பு விளிம்பு துடிப்பது இதனால்தான். வெற்றிடத்திலும் நிறத்தைப் பரப்பி இதைத் தவிர்க்கலாம் என்றாலும், ஒவ்வொரு முறை ரெண்டர் செய்யும்போதும் அந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். ப்ரீமல்டிப்ளைடில் முன்பே 0.4 என்று பதிந்திருப்பதால் பாதியில் 0.2 கிடைக்கிறது, திருத்தம் எதுவும் தேவையில்லை.

பராமரிப்பில் ஒன்றை மறக்கக் கூடாது: துகள் மங்கும்போது ஆல்பாவை மட்டும் குறைத்தால் புகை மறையாமல் ஒளிரத் தொடங்கும், நிறத்தையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்.

வேகமாக விரியும் தொடக்கப் பிரேம்களில் இரட்டை உருவம் தெரிவதை இந்த முறை தீர்க்காது. அதற்கு, ஒவ்வொரு பிக்சலும் எப்பக்கம் நகர்கிறது என்று பதிந்த மோஷன் வெக்டர் டெக்ஸ்சர் தனியே வேண்டும். அதுவும் புதிதாகத் தோன்றும் தீக்கொழுந்தை ஊகிக்க முடியாமல் இழுத்துக் கோணலாக்குவதுண்டு. தெரிவது பிரேம் கலப்பின் கோளாறா, துகள் வரிசையின் கோளாறா என்று அறிய, காலத்தை நிறுத்திவிட்டு கேமராவை மட்டும் சுற்றுங்கள். அப்போதும் புகை திடீரெனத் தாவினால் அது வரிசைக் கோளாறு; அங்கே துகள்களைத் தொலைவுக்குப் பதில் வயதுப்படி வரிசைப்படுத்தினால் தாவல் நின்றுவிடும், ஆயினும் சில கோணங்களில் பின்னிருக்கும் புகை முன்னே தெரியும்.