இடமதிப்பு சொல்லிக் கொடுக்க குதிக்கிறதா, கட்டத்துல நிக்கிறதா, விரலா?

ரெண்டாம் கிளாஸ், நாப்பத்தஞ்சு பசங்க, நடக்கவே இடமில்ல, மணிச்சட்டம் குச்சி எதுவும் கிடையாது. இந்த நிலைமையில இடமதிப்புக்கு மூணு விளையாட்டுதான் சுத்திட்டு இருக்கு.

முதல்ல எல்லாரும் பண்றது நூறுக்கு ஒரு குதி, பத்துக்கு ஒரு கைதட்டு, ஒன்னுக்கு ஒரு சொடக்கு (சின்னதுங்களுக்கு சொடக்கு வராது, தொடைய தட்டச் சொல்லுங்க). கிளாஸ் மொத்தமும் நின்ன இடத்துலயே ஆடலாம். ஆனா 23-க்கு ரெண்டு கைதட்டு, மூணு தட்டுன்னு சரியா பண்ற பொண்ணுகிட்ட "ரெண்டு கைதட்டு பெருசா, மூணு தொடைத்தட்டு பெருசா"ன்னு கேட்டுப் பாருங்க, மூணுதான்னு சொல்லும். ஏன்னா ஒரு கைதட்டுக்குள்ள பத்து இருக்கிறது அதோட கண்ணுக்கு எங்கயுமே தெரியல.

அடுத்தது தரையில சாக்பீஸ்ல ரெண்டு கட்டம், ஒன்னு ஒன்றுகளுக்கு, இன்னொன்னு பத்துகளுக்கு. ஒன்று கட்டத்துல பசங்க ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க, பத்தாவது ஆள் வந்ததும் ஒன்பது பேர் உக்காரணும், ஒருத்தர் மட்டும் பத்து கட்டத்துக்குப் போகணும். பத்து சேர்ந்தா இடம் மாறும்ங்கிறது நல்லா பதியும், ஒன்று கட்டம் காலியானதும் 10-ல சைபர் எதுக்குன்னும் புரியும். ஆனா "மீதி ஒன்பது பேர் எங்க போனாங்க மிஸ்"னு கேப்பாங்க, ஆடுறது பத்து பேர்னா மீதி முப்பத்தஞ்சு பேர் கத்துவாங்க. இன்னொன்னு, பத்து கட்டம், எதிர்ல இருந்து பாக்குற பசங்களுக்கு இடது பக்கம் இருக்கணும், அப்போ அவங்களப் பாத்து நிக்கிற பசங்களுக்கு அது வலது பக்கம், இதுல டீச்சரே குழம்பிடுவாங்க.

என் ஓட்டு விரலுக்குத்தான். 27-ன்னா ரெண்டு பேர் ரெண்டு கையையும் முழுசா விரிச்சுக் காட்டணும், மூணாவது ஆள் ஏழு விரல் மட்டும். பெஞ்சுல உக்காந்தபடியே நாலு நாலு பேரா பண்ணலாம், எல்லாருக்கும் வேலை இருக்கும். இப்ப 5 கூட்டணும்: நாலாவது பையன் அஞ்சு விரல் காட்டுறான், அதுல மூணை மடக்குறான், பக்கத்துல ஏழு காட்டுறவ மூணை விரிக்கிறா, அவளுக்குப் பத்து நிறைஞ்சிடுச்சு. முழுக்கை மூணு பேர், மிச்சம் ரெண்டு விரல், 32. இதுல பத்தும் விரலாவே கண்ணுக்குத் தெரியுது, ஒரு முழு ஆளாவும் தெரியுது, மத்த ரெண்டு விளையாட்டுலயும் இது கிடைக்காது. தப்பு நடக்கிற இடம் ஒன்னுதான்: அவன் மடக்குறான் இவ விரிக்க மறந்துடுவா, இல்ல இவ விரிக்கிறா அவன் மடக்க மாட்டான், அப்ப மொத்தத்த எண்ணச் சொன்னா அவங்களே பிடிச்சிடுவாங்க.

நூறுக்கு மேல போனா விரல் தாங்காது, 100-க்கே பத்து பேர் வேணும். ஒரே ஒரு தடவை பத்து பேரையும் எழுப்பி நூறு விரலையும் காட்டிட்டு, அதுக்கப்புறம் குதி-கைதட்டுக்கு மாறிடுங்க, அப்ப கைதட்டுன்னா ஒரு முழு ஆள்னு பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கடைசி அஞ்சு நிமிஷத்துல 203 கொடுங்க, நடுவுல கைதட்டாம யார் விடுறாங்க, யார் தட்டுறாங்கன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும். கட்டம் விளையாட்டு மைதானம் இருக்கிற அன்னிக்குப் போதும்.