பதவி அவனுக்கு, வாழ்த்து என்னிடமிருந்து: நாலு வரைவுகள்

பின்னேரம் நாலு மணிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. உதவி முகாமையாளர் பதவி அவனுக்கு. கோட்டையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் நட்டஈட்டுப் பிரிவில் 2014 இல் ஒரே கிழமையில் சேர்ந்தவர்கள் நானும் அவனும். இந்தப் பதவிக்கான நேர்முகத்துக்கும் இரண்டு பேரும்தான் போனோம். 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் நாலு வாழ்த்து எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடுவது. “கங்கிராட்ஸ் மச்சான்” என்று ஏற்கெனவே பதினைந்து பேர் போட்டிருந்தார்கள். பதினாறாவதாக நானும் போட்டால் வேலை முடிந்தது. ஆனால், அவனோடு போட்டியிட்ட ஆள் நான் ஒருவன்தான் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். என் பெயர் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் குழுவில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். அது ஊருக்கான வரி, அவனுக்கானது இல்லை.

இரண்டாவது, புகழ் மாலை. “இந்தப் பதவிக்கு உங்களைவிடத் தகுதியானவர் யாருமில்லை.” எழுதியவுடனேயே எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி நம்பியிருந்தால் நான் ஏன் விண்ணப்பித்தேன்? அவனுக்கும் அதே கேள்விதான் வரும். இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பொடியன்கள் மாதிரி ‘நீ’ போட்டுப் பேசுகிறவர்கள் நாங்கள். திடீரென்று ‘நீங்கள்’ வந்தால் மரியாதையாக இராது, கோபித்துக்கொண்டான் என்றே அவன் எடுப்பான். குழுவில் பெரியவர்கள் பார்க்கும் இடத்தில் ‘நீங்கள்’ சரி. தனியே எழுதும்போது நேற்றிருந்த ‘நீ’யை மாற்றக்கூடாது. (‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ வகை சுவரொட்டி வசனங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.)

மூன்றாவது, மனம்திறந்தது:

“வாழ்த்துகள் மச்சான். எனக்குக் கிடைக்கவில்லை என்று கொஞ்சம் கவலைதான். ஆனாலும் உனக்குக் கிடைத்ததில் சந்தோசம்.”

ஒரு பொய்கூட இல்லாததால் இதிலேயே அதிக நேரம் நின்றேன். பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான் பிழை பிடிபட்டது. மூன்று வசனத்தில் ஒன்று முழுக்க என்னைப் பற்றியது, அதுவும் நட்ட நடுவில் இருக்கிறது. வாசிக்கிறவன் இப்போது எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். தன் சந்தோசத்தை அடக்கிக்கொண்டு “உனக்கும் வரும் மச்சான்” என்று எழுத வேண்டும். அதைக் கேட்க எனக்குத் துளியும் விருப்பமில்லை. ‘ஆனாலும்’ வேறு, சந்தோசத்தை ஏதோ சமாதானத்துக்குச் சொன்னதாக ஆக்கிவிடுகிறது. கவலையைச் சொல்ல எனக்கு வீட்டில் ஆள் இருக்கிறது. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டியது முகாமையாளரிடம், அதுவும் ஒரு கிழமை கழித்து.

அதற்காக விண்ணப்பித்ததையே மறைப்பதும் நாடகம். இரண்டு பேரும் ஒரே வாங்கில் காத்திருந்தவர்கள். நாலாவது வரைவு இந்த இடத்தில்தான் வேறுபட்டது:

“மச்சான், வாழ்த்துகள். 2016 வெள்ளத்தில் வெல்லம்பிட்டிச் சனம் பத்திரங்கள் எல்லாம் நனைந்து வந்து நின்றபோது, நீ ஒவ்வொருவராக இருத்தி, சிங்களத்திலும் தமிழிலும் படிவம் நிரப்பிக் கொடுத்தது எனக்கு இன்னும் ஞாபகம். இரண்டு பேரும் கேட்டோம், உனக்குக் கிடைத்தது. திங்கள் என்னிடம் இருக்கும் வாகனக் கோவைகளைப் பற்றிக் கதைப்போம்.”

‘நீ தகுதியானவன்’ என்பது என் தீர்ப்பு. அன்றைக்கு அதைச் சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை. படிவம் நிரப்பியது நான் கண்ணால் கண்டது. எவ்வளவு கசப்பு இருந்தாலும் அதைப் பொய் கலக்காமல் எழுத முடிந்தது. ‘இரண்டு பேரும் கேட்டோம்’ என்பதில் ‘ஆனால்’ இல்லை, கவலையும் இல்லை, நடந்தது மட்டும்தான். அதைக் கடைசியில் வைத்திருந்தால் அதுதான் செய்தி என்று ஆகியிருக்கும். அதனால் பின்னால் கோவைகள் வந்தன. இனி அவன் சொல்லி நான் செய்ய வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டதும் அந்த வரியில் இருக்கிறது. “என்ன உதவி என்றாலும் கேள்” என்று முதலில் எழுதி அழித்தேன், அவ்வளவுக்கு நான் அன்று தயாராக இருக்கவில்லை.

குறை இல்லாமலில்லை. குறிப்பிட்டுச் சொல்ல ஒரு சம்பவம் ஞாபகம் இருந்தால்தான் இது சரிவரும். அடுத்த பிரிவில் இருக்கும், அதிகம் பழகாத ஒருவர் என்றால் குழு வரியோடு நிற்பதே மேல். நேரில் சொல்லலாமே என்றும் யோசித்தேன். முகம் என் பேச்சைக் கேட்காது என்று பயம், அதனால் எழுத்து முதலில், கைகுலுக்கல் திங்கள்.

வெள்ளவத்தையில் இறங்கமுன் குழுவில் “மனமார்ந்த வாழ்த்துகள்” என்று ஒரு வரி போட்டு, நாலாவதை அவனுக்கு அனுப்பினேன். பத்து நிமிசத்தில் பதில்: “அந்த வெள்ளத்தில் நீயும்தானே என்னோடு இரவு ஒன்பது மணி வரைக்கும் நின்றாய். நாளைக்குச் சாப்பிடப் போவமா?”

அடுத்த சனி போவோம் என்று போட்டேன்.