தூங்க மறுக்கும் பம்ப்: டிரைவும் பிரஷர் சென்சாரும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

ஊருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பில், தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் இரண்டாம் முறையாக மாற்றியாகிவிட்டது. பழியை, பிரஷர் சென்சாரைப் பார்த்து மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் தலையில் கட்ட ஆசைதான். ஆனால் அது பாதிக் குற்றவாளி மட்டுமே.

பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஊரே குழாயைத் திறந்தாலும் 4 பார் அழுத்தம் அப்படியே நிற்கிறது. பம்பை நிறுத்தும்போது குழாயில் கேட்ட அடியும் போயிற்று. கரண்ட் திடீரெனப் போனால் மட்டும் பழைய கதைதான். அப்போது டிரைவாலும் மெதுவாக நிறுத்த முடியாது.

எரிச்சல் இரவில். தேவை குறைந்து வேகம் எதற்குக் கீழே இறங்கினால் பம்ப் தானே நிற்க வேண்டுமோ, அந்த ஸ்லீப் வேகத்தை நிறுவியபோது 35 ஹெர்ட்ஸ் என்று வைத்தார்கள். பம்ப் ஒரு நாளும் அங்கே இறங்கியதில்லை, இறங்கவும் முடியாது. தண்ணீர் ஓடாதபோது இது 50 ஹெர்ட்ஸில் 60 மீட்டர் ஹெட், அதாவது அவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம், தரும். ஹெட் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் 35 ஹெர்ட்ஸில் 29.4 மீட்டர்தான். 4 பாருக்கோ 40.8 மீட்டர் வேண்டும். ஆகவே ஊரில் எல்லாக் குழாயும் மூடியிருந்தாலும் வேகம் 41.2 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். டிரைவ் திரையில் இரவு முழுக்க அந்த எண் அசையாமல் இருந்தால் காரணம் இதுவே.

அந்த நேரத்தில் வெளியே போவது குழாய்க் கசிவு மட்டும், நிமிடத்துக்கு சுமார் 50 லிட்டர். பம்பின் அளவோ மணிக்கு 100 கன மீட்டர். அந்த 50 லிட்டரே சூட்டை எடுத்துச் சென்றுவிடும். பம்ப் உடலைத் தொட்டால் சூடே தெரியாது. சீலைத் தின்பது வேறு: இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் இம்பெல்லரை ஒரு பக்கமாகத் தள்ளும் விசை தண்டை வளைக்கிறது, சீல் முகங்கள் ஒட்டாமல் ஆடுகின்றன.

சரி, ஸ்லீப்பை 42 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தலாமே? சம்ப் நிறைந்து பம்புக்கு 3 மீட்டர் மேலே தண்ணீர் நிற்கும்போது 39.7 ஹெர்ட்ஸே போதும். அப்போது 42 என்பது நன்றாகத் தண்ணீர் ஓடும் வேகம். ஊர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பம்ப் தூங்கிவிடும். வேகத்தை விட்டுவிட்டு ஃப்ளோ மீட்டரின் அளவை வைத்துத் தூங்கச் சொன்னதும்தான் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

அதன் பிறகும் கசிவு விடவில்லை. 4.3 பாருக்கு ஏற்றித் தூங்கி, 3.5 பாரில் எழும்படி வைத்தோம். 3.2 பார் காற்று அடைத்த 1,000 லிட்டர் பிரஷர் டேங்க் இந்த இடைவெளியில் தருவது 140 லிட்டர்தான். மூன்று நிமிடத்துக்குள் பெரிய மோட்டார் மறுபடி எழுகிறது. இரவுக்கென்று ஒரு சின்ன பம்பை முதலிலேயே பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். டேங்குக்குக் கொடுத்த பணம் தண்டம்.

டிரைவுக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். சீல் மாற்றிய இன்று இரண்டுதான்.